எண்ணெய் வயலில் அரசின் பங்கு: சதவீதம் சொல்லாத கணக்கு

2016-க்குப் பிறகு ஏலம் விடப்பட்ட தரைப்பகுதி எண்ணெய் வயல்களில், எடுக்கப்படும் கச்சா எண்ணெயின் கிணற்றடி மதிப்பில் 12.5 சதவீதத்தை நிறுவனம் ராயல்டியாகக் கட்ட வேண்டும். காவிரிப் படுகையில் நிலத்தில் இருக்கும் வயல் என்றால் அந்தப் பணம் தமிழக அரசுக்குப் போகும். கடலுக்குள் இருந்தால் மத்திய அரசுக்கு.

இந்த எண்ணைப் பார்த்ததும் பலருக்கும் வரும் கேள்வி, "எட்டில் ஒரு பங்குதான் அரசுக்கா? மிச்சம் ஏழு பங்கும் கம்பெனிக்கா?" என்பது. நிறுவனங்களோ இந்த 12.5 சதவீதமே தாங்கவில்லை என்கின்றன. இரண்டு பேரும் ஒரே எண்ணைத்தான் பார்க்கிறார்கள். அந்தச் சதவீதம் எந்தத் தொகையின் மீது, எந்த ஆண்டில் எடுக்கப்படுகிறது என்று பார்த்தால்தான் யார் சொல்வது சரி என்று தெரியும். ஒரு சிறிய வயலை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். வயல் கற்பனை. விதிகள் இந்திய விதிகளை ஒட்டியவை.

800 கோடி ரூபாய் வயல்

கிணறுகள் தோண்டவும் குழாய் பதிக்கவும் முதலில் 800 கோடி ரூபாய் செலவாகிறது. அடுத்த ஐந்து ஆண்டுகளில் எண்ணெய் விற்று வரும் பணம் 600, 500, 400, 300, 200 கோடி. எண்ணெய் வயலில் அழுத்தம் குறையக் குறைய உற்பத்தி இப்படித்தான் இறங்கும். வயலை நடத்தும் செலவு ஆண்டுக்கு 100 கோடி. அது உற்பத்தியோடு சேர்ந்து இறங்காது, ஏனென்றால் பம்பும் ஆட்களும் சுத்திகரிப்பும் எப்போதும் வேண்டும்.

ஐந்து ஆண்டுகளில் மொத்த வரவு 2,000 கோடி. முதலீடும் நடத்தும் செலவும் சேர்ந்து 1,300 கோடி. மிச்சம் 700 கோடி. ஆனால் 800 கோடி இன்றே கையை விட்டுப் போகிறது, வரவோ ஐந்து ஆண்டுகளில் துண்டு துண்டாக வருகிறது. 10 சதவீத வட்டி என்று வைத்தால், அடுத்த ஆண்டு கிடைக்கும் 110 ரூபாய்க்கு இன்றைய மதிப்பு 100 ரூபாய்தான். வருங்கால வரவு செலவு ஒவ்வொன்றையும் இப்படி இன்றைய மதிப்புக்குக் குறைத்து, கூட்டிக் கழித்த பிறகு நிற்கும் தொகையைத்தான் நிகர இன்றைய மதிப்பு என்கிறோம். நிதித் துறையில் என்.பி.வி. என்பார்கள். அது பூஜ்யமாக இருந்தால், போட்ட பணத்துக்குச் சரியாக 10 சதவீதம் கிடைக்கிறது என்று பொருள். பூஜ்யத்துக்குக் கீழே போனால் யாரும் பணம் போட மாட்டார்கள்.

அரசு ஒரு ரூபாய்கூட எடுக்காவிட்டால் நம் வயலின் என்.பி.வி. 409 கோடி. பூமிக்கடியில் இருக்கும் அந்த எண்ணெயின் உண்மையான செல்வம் இவ்வளவுதான். அரசும் நிறுவனமும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டியது இந்த 409 கோடியை.

இப்போது 12.5 சதவீத ராயல்டியைக் கழிப்போம். அது லாபத்தில் எடுக்கப்படுவதில்லை, விற்பனைத் தொகையில் எடுக்கப்படுகிறது. முதல் ஆண்டே 75 கோடி போய்விடும். ஐந்து ஆண்டு ராயல்டியின் இன்றைய மதிப்பு 198 கோடி. 409-ல் மிஞ்சுவது 211. எட்டில் ஒரு பங்கு என்று பேர். வயலின் செல்வத்தில் ஏறக்குறைய பாதி அதிலேயே போய்விட்டது.

அடுத்தது வருவாய்ப் பங்கு. ராயல்டி சட்டம் நிர்ணயிப்பது, எல்லோருக்கும் ஒன்று. வருவாய்ப் பங்கு ஏலத்தில் நிறுவனமே "இவ்வளவு தருகிறேன்" என்று எழுதிக் கொடுப்பது. ராயல்டி போக மிச்சமுள்ள விற்பனைத் தொகையில் 10 சதவீதம் என்று வைப்போம். இதன் இன்றைய மதிப்பு 139 கோடி. என்.பி.வி. 72-க்கு இறங்குகிறது.

கடைசியாக வருமான வரி. ராயல்டி, வருவாய்ப் பங்கு, நடத்தும் செலவு, தேய்மானம் எல்லாவற்றையும் கழித்த பிறகு நிற்கும் லாபத்தில் 25 சதவீதம். தேய்மானத்தை உற்பத்திக்கு ஏற்பப் பிரித்துக் கழித்தால், வரியின் இன்றைய மதிப்பு சுமார் 63 கோடி. வரிக்குப் பிந்தைய என்.பி.வி. வெறும் 9 கோடி.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. ராயல்டி வருமான வரிக் கணக்கில் செலவாகக் கழிக்கப்படுவதால், லாபம் இருக்கும் ஆண்டில் நிறுவனம் கட்டும் 100 ரூபாய் ராயல்டி அதற்கு உண்மையில் 75 ரூபாய்ச் சுமைதான். 25 ரூபாய் வரியில் குறைந்துவிடும். நம் வயலின் ஐந்தாம் ஆண்டைப் போல, லாபம் இல்லாத ஆண்டில் இந்தச் சலுகை கிடைக்காது. அப்போது 100 ரூபாயும் முழுச் சுமை.

இப்போது மொத்தக் கணக்கைப் பார்ப்போம். வட்டியைக் கணக்கில் எடுக்காமல் வெறுமனே கூட்டினால், மிச்சமான 700 கோடியில் அரசுக்குப் போவது 499 கோடி, அதாவது 71 சதவீதம். என்.பி.வி. கணக்கிலோ 409 கோடியில் 400 கோடி, 98 சதவீதம். அரசு எடுப்பதில் பெரும்பகுதி முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில், முதலீடு திரும்புவதற்கு முன்பே போய்விடுகிறது. நிறுவனத்துக்கு மிஞ்சுவது பின்னால் வருகிறது. இந்தக் கால வித்தியாசம்தான் 71-ஐ 98 ஆக்குகிறது. "அரசுக்கு எத்தனை சதவீதம்?" என்ற கேள்விக்கு 12.5, 71, 98 மூன்றுமே உண்மையான பதில்கள்.

விலை பத்து சதவீதம் இறங்கினால்

எண்ணெய் விலை 10 சதவீதம் குறைகிறது என்று வைப்போம். உலகச் சந்தையில் இது சில வாரங்களிலேயே நடக்கக்கூடிய சரிவு. அப்போதும் வயலின் மொத்த என்.பி.வி. 250 கோடி. நாட்டுக்கு லாபமான வயல்தான். ஆனால் ராயல்டி, வருவாய்ப் பங்கு, வரி மூன்றும் போனால் நிறுவனத்துக்கு 88 கோடி நஷ்டம். அது தோண்டாது. 250 கோடி செல்வம் மண்ணுக்கடியில் கிடக்கும். தோண்டாத எண்ணெயில் அரசுக்குப் பங்கு ஏது?

இதே பிரச்சினை வயலின் கடைசிக் காலத்திலும் வரும். நடத்தும் செலவு 100 கோடி என்றால், விற்பனை 100 கோடிக்கு இறங்கும் வரை எண்ணெய் எடுப்பது நாட்டுக்கு லாபம். ஆனால் விற்பனையில் 21 சதவீதத்துக்கு மேல் முதலிலேயே அரசுக்குப் போய்விடுவதால், விற்பனை 127 கோடிக்குக் கீழே இறங்கியதுமே நிறுவனம் கிணற்றை மூடிவிடும். நூறுக்கும் நூற்று இருபத்தேழுக்கும் இடையில் வந்திருக்க வேண்டிய எண்ணெய் யாருக்கும் கிடைக்காது. மூடிய பழைய கிணற்றை மறுபடி திறப்பதற்கு ஆகும் செலவு பெரும்பாலும் கட்டுப்படியாகாது.

லாபத்தில் மட்டும் பங்கு கேட்டால்

இதற்கு மாற்று வழியை இந்தியா ஏற்கெனவே நடத்திப் பார்த்திருக்கிறது. 1999 முதல் நடைமுறைக்கு வந்த புதிய ஆய்வு உரிமக் கொள்கையில் இருந்தது உற்பத்திப் பகிர்வு ஒப்பந்தம். ராயல்டி அதிலும் உண்டு. ஆனால் நிறுவனம் போட்ட செலவை எண்ணெயாகவே முதலில் எடுத்துக்கொள்ளும். செலவு திரும்பிய பிறகு மிஞ்சுவதைத்தான் அரசும் நிறுவனமும் பிரித்துக்கொள்ளும். முதலீடு எத்தனை மடங்காகத் திரும்புகிறதோ, அதற்கேற்ப அரசின் பங்கும் படிப்படியாக ஏறும்.

நம் வயலில் இதைச் சுருக்கமாகப் போட்டுப் பார்ப்போம். ராயல்டியும் தனி வரியும் இல்லை. 800 கோடி திரும்பும் வரை அரசு எதையும் எடுக்காது. அதன் பிறகு வரும் லாபத்தில் 71 சதவீதம் அரசுக்கு. முதலீடு இரண்டாம் ஆண்டிலேயே திரும்பிவிடும். அரசுக்கு மொத்தம் 497 கோடி கிடைக்கும், முன்பு கிடைத்த 499-க்கு ஏறக்குறைய சமம். ஆனால் நிறுவனத்தின் என்.பி.வி. 9 கோடியிலிருந்து 49 கோடியாகிவிடுகிறது. விலை 10 சதவீதம் இறங்கினாலும் அது ஏறக்குறைய பூஜ்யத்தில் நிற்கும். வயல் தோண்டப்படும், அரசுக்கு 355 கோடி வரும்.

சும்மா கிடைத்த நன்மை அல்ல இது. அரசு தன் பணத்துக்காகக் காத்திருக்கிறது, விலைச் சரிவின் ஆபத்தில் பங்கெடுத்துக்கொள்கிறது. இந்த முறையில் அதைவிடப் பெரிய ஓட்டை ஒன்றும் உண்டு. செலவு எவ்வளவு என்று சொல்வது நிறுவனம். 800 கோடியில் முடிய வேண்டிய வேலைக்கு 1,000 கோடி ஆனது என்று கணக்குக் காட்டினால், கூடுதலான 200 கோடியில் 142 கோடி அரசின் பங்கிலிருந்து கழிகிறது. செலவைக் குறைக்க நிறுவனத்துக்கு ஊக்கம் குறைவு. ஒவ்வொரு ரசீதையும் சரிபார்க்க வேண்டிய பொறுப்பு அரசின் தலையில்.

கே.ஜி. டி6 கற்றுக்கொடுத்தது

கிருஷ்ணா – கோதாவரி ஆழ்கடல் படுகையின் டி6 வயலில் நடந்தது இந்த ஓட்டையைச் சுற்றிய சண்டைதான். ரிலையன்ஸ் நிறுவனம் கனடாவின் நிகோவோடு சேர்ந்து பெற்ற அந்த வயலில் 2002-ல் எரிவாயு கண்டுபிடிக்கப்பட்டது. 2004-ல் கொடுத்த திட்டத்தில் நாளொன்றுக்கு 4 கோடி கனமீட்டர் வாயு எடுக்கச் சுமார் 240 கோடி டாலர் செலவு என்றிருந்தது. 2006-ல் திருத்திய திட்டத்தில் உற்பத்தி இலக்கு இரட்டிப்பானது. முதல் கட்டச் செலவு 520 கோடி டாலராக, இரட்டிப்புக்கும் மேலாக உயர்ந்தது. 2009 ஏப்ரலில் உற்பத்தி தொடங்கி, 2010-ல் நாளொன்றுக்கு 6 கோடி கனமீட்டரைத் தாண்டியது. பிறகு அந்த இலக்கைத் தொடாமலே சரிந்தது.

2011-ல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை இந்த ஒப்பந்த முறையையே கேள்விக்குள்ளாக்கியது. செலவு ஏற ஏற முதலீட்டு மடங்கு குறையும், அதனால் அரசின் பங்கு உயரும் நாள் தள்ளிப்போகும் என்பது அதன் வாதத்தின் மையம். உற்பத்தி எதிர்பார்த்த அளவு வராததால், செலவில் ஒரு பகுதியைத் திரும்ப எடுக்க அரசு அனுமதி மறுத்தது. நிறுவனம் குற்றச்சாட்டுகளை மறுத்து நடுவர் மன்றத்துக்குப் போனது. பூமிக்கடியில் உள்ள படிவம் எதிர்பார்த்ததைவிடச் சிக்கலாக இருந்தது என்பது அதன் பதில். யார் சொன்னது சரி என்பதைவிட இங்கே கவனிக்க வேண்டியது வேறு. கடலுக்கு அடியில் செய்த செலவு அவசியமானதா என்று வெளியிலிருந்து தீர்மானிப்பது மிகக் கடினம். அதைச் சார்ந்தே அரசின் வருமானம் இருந்தால் வழக்கு நிச்சயம்.

சி. ரங்கராஜன் தலைமையிலான குழு 2012 டிசம்பரில் இதற்கு ஒரு தீர்வைச் சொன்னது: செலவைப் பார்க்கவே வேண்டாம், விற்பனையில் பங்கு எடுத்துவிடலாம். 2016 மார்ச்சில் வந்த புதிய உரிமக் கொள்கை இதைத்தான் பின்பற்றியது. எத்தனை பீப்பாய் விற்றது, என்ன விலைக்கு விற்றது என்ற இரண்டு கேள்விகளுக்குப் பதில் தெரிந்தால் போதும். செலவு ஏறினால் அது நிறுவனத்தின் தலைவலி.

ஆனால் நம் 800 கோடி வயலில் பார்த்த அத்தனை குறைகளும் இந்த முறையோடு சேர்ந்தே வரும். அதைக் குறைக்கத்தான் கொள்கையில் சில இளக்கங்கள் வைத்தார்கள். நிறுவனம் ஒரே பங்கைச் சொல்வதில்லை. நாள் வருமானம் 50,000 டாலராக இருக்கும்போது ஒரு சதவீதமும், 70 லட்சம் டாலராக இருக்கும்போது இன்னொரு சதவீதமும் எழுதிக் கொடுக்கிறது. வருமானம் இரண்டுக்கும் நடுவில் இருந்தால் பங்கும் நடுவில் இருக்கும். விலையோ உற்பத்தியோ இறங்கினால் அரசின் பங்கும் தானாக இறங்கும். வயலின் கடைசிக் காலத்தில் கிணறு அவசரமாக மூடப்படுவதை இது ஓரளவு தடுக்கிறது.

ஆழ்கடலில் முதல் ஏழு ஆண்டுகளுக்கு ராயல்டியே இல்லை, அதன் பிறகு 5 சதவீதம். மிக ஆழமான கடலில் 2 சதவீதம். 10 சதவீத வட்டியில், ஏழு ஆண்டு கழித்துக் கட்டும் 100 ரூபாயின் இன்றைய மதிப்பு 51 ரூபாய்தான் என்பதை நினைத்தால் இந்தச் சலுகை எவ்வளவு பெரியது என்று புரியும். 2019-ல் இன்னொரு படி போனார்கள். இதுவரை அதிகம் ஆராயப்படாத படுகைகளில், வருமானம் மிக அதிகமாகும் வரை வருவாய்ப் பங்கே வேண்டாம், ராயல்டி மட்டும் போதும் என்று முடிவானது. காவிரிப் படுகை ஏற்கெனவே உற்பத்தி நடக்கும் முதல் வகைப் படுகை என்பதால் இந்தச் சலுகை அதற்கு இல்லை.

நூற்றுக்கு நூற்றுப்பத்து

விற்பனையில் பங்கு கேட்கும் ஏலம் எங்கே தடம் புரளும் என்பதற்கு எண்ணெயை விட்டு இரும்புத் தாதுவைப் பார்க்க வேண்டும். 2015-ல் திருத்தப்பட்ட கனிமச் சட்டப்படி சுரங்கங்கள் ஏலத்தில் விடப்படுகின்றன. எடுக்கும் தாதுவின் மதிப்பில் அதிகச் சதவீதம் தருவதாகச் சொல்பவருக்குச் சுரங்கம். மதிப்பு என்பது இந்தியச் சுரங்கப் பணியகம் மாதந்தோறும் வெளியிடும் சராசரி விற்பனை விலை. 2020-ல் ஒடிசாவில் நடந்த ஏலத்தில் ஜஜாங் சுரங்கத்துக்கு ஜே.எஸ்.டபிள்யூ. ஸ்டீல் கேட்டது 110 சதவீதம்.

தாதுவின் சராசரி விலை டன்னுக்கு 3,000 ரூபாய் என்று வைத்தால், 110 சதவீதம் 3,300 ரூபாய். அதற்கு மேல் 15 சதவீத ராயல்டி 450 ரூபாய். ராயல்டியில் 10 சதவீதம் மாவட்டக் கனிம அறக்கட்டளைக்கு 45 ரூபாய், அன்றைய விதிப்படி 2 சதவீதம் கனிம ஆய்வு நிதிக்கு 9 ரூபாய். மண்வெட்டி படுவதற்கு முன்பே 3,804 ரூபாய். தாதுவைத் தன் உருக்காலைக்கே எடுத்துக்கொள்ளும் நிறுவனம், வெளியில் வாங்கினால் ஆலை வாசலில் ஆகும் விலையோடு இதை ஒப்பிடுகிறது. தாது கிடைக்காமல் உலை அணைந்துவிடுமோ என்ற பயத்தையும் விலையில் சேர்த்துக்கொள்கிறது. உருக்கு விலை உச்சத்தில் இருக்கும்போது அந்தக் கணக்கு ஒருவழியாகச் சரிக்கட்டும். இறங்கும்போது முடியாது. 2024-ல் அந்த நிறுவனம், நடத்துவது லாபகரமாக இல்லை என்று ஜஜாங் சுரங்கத்தைத் திருப்பி ஒப்படைக்க முடிவு செய்தது. ஏல நாளில் அரசின் வெற்றியாகத் தெரிந்த 110 சதவீதம், சுரங்கம் ஓடும் வரைதான் வருமானம்.

எதிர்பாராத வரியின் விலை

அரசின் பக்கத்திலும் ஒரு நியாயமான கவலை உண்டு. நிலையான சதவீதம் விலை சரியும்போது நிறுவனத்தை நசுக்குகிறது, விலை எகிறும்போது பெருலாபத்தை நிறுவனத்திடமே விட்டுவிடுகிறது. உக்ரைன் போருக்குப் பின் எண்ணெய் விலை ஏறியதும், 2022 ஜூலையில் உள்நாட்டுக் கச்சா எண்ணெய்க்கு டன்னுக்கு 23,250 ரூபாய் சிறப்புக் கூடுதல் வரி போடப்பட்டது. அடிக்கடி மாற்றப்பட்ட அந்த வரி 2024 டிசம்பரில் நீக்கப்பட்டது.

அந்த ஆண்டுகளின் வருமானம் அரசுக்கு உதவியது. ஆனால் ஒருமுறை இப்படி நடந்தால், அடுத்த வயலில் பணம் போடுபவர் இன்னொரு முறையும் நடக்கும் என்று கணக்குப் போடுவார். 10 சதவீத வட்டி போதாது, 12 வேண்டும் என்பார். இந்த இரண்டு சதவீதம் மட்டும் கூடினால் நம் 800 கோடி வயலின் வரிக்குப் பிந்தைய என்.பி.வி. 9 கோடி லாபத்திலிருந்து 22 கோடி நஷ்டமாக மாறிவிடும். சொல்லாமல் வரும் வரி வசூலாவது பழைய வயல்களில். அதன் செலவு தோண்டப்படாத புதிய வயல்களில் தெரியும், அது எந்த பட்ஜெட்டிலும் பதிவாகாது.

செலவைச் சரிபார்க்கும் திறன் அரசுக்கு எவ்வளவு இருக்கிறது என்பதே எந்த முறை வேண்டும் என்பதைத் தீர்மானிக்க வேண்டும். வலுவான தணிக்கையும் நிலத்தடி நிபுணர்களும் இருந்தால் லாபத்தில் பங்கு கேட்பதே நாட்டுக்கு அதிகம் தரும். இல்லையென்றால் விற்பனையில் பங்கு கேட்பதே பாதுகாப்பு. ஆனால் அந்தப் பங்கு சிறியதாக, விலையோடும் உற்பத்தியோடும் ஏறி இறங்குவதாக, முன்கூட்டியே எழுதி வைத்ததாக இருக்க வேண்டும். அடுத்த முறை ஏதாவது ஒரு சுரங்கத்தில் அரசுக்கு இத்தனை சதவீதம் என்று செய்தி வந்தால் மூன்று கேள்விகள் கேளுங்கள்: விற்பனையிலா, லாபத்திலா? முதலீடு திரும்புவதற்கு முன்பா, பின்பா? விலை பத்து சதவீதம் இறங்கினால் அந்தச் சுரங்கம் ஓடுமா? மூன்றாவது கேள்விக்கு இல்லை என்று பதில் வந்தால், அறிவித்த சதவீதம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் கஜானாவுக்கு அதை நம்ப முடியாது.